உர மூட்டையில் கிலோவையும் அச்சிடுங்கள்: ஒரு திறந்த மடல்

உர நிறுவனங்களில் மூட்டையின் மேல் என்ன அச்சாக வேண்டும் என்று முடிவு செய்பவர்களுக்கும், அந்த அச்சுக்கு விதி வகுப்பவர்களுக்கும், மண் பரிசோதனை முடிவைப் பார்த்து உரப் பரிந்துரை எழுதிக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

விவசாயிகளுக்கு உரக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் வேலை. பரிந்துரைச் சீட்டு ஒரு கையில், மூட்டையின் படம் இன்னொரு கையில் என்று வருவார்கள். சீட்டில் கிலோ இருக்கும். மூட்டையில் சதவீதம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருக்கலும், சில சமயம் ஒரு வகுத்தலும் இருக்கிறது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தருவதில்லை. அதனால் வயலில் போகும் உரம் சீட்டில் எழுதியதற்குப் பாதியாகவும் இருக்கிறது, ஒன்றேகால் மடங்காகவும் இருக்கிறது. உரம் நல்லது, பரிந்துரையும் சரி. நடுவில் உள்ள கணக்குதான் தவறுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. மூட்டையின் முன்பக்கத்தில் 18-46-0 என்று அச்சிடும் இடத்திலேயே, அந்த மூட்டைக்குள் ஒவ்வொரு சத்தும் எத்தனை கிலோ என்பதையும் அச்சிடுங்கள். அப்புறம், மூட்டையானாலும் பரிந்துரைச் சீட்டானாலும், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் எந்தக் கணக்கில் சொல்லப்படுகின்றன என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இவை ஏன் வேண்டும் என்பதற்குத்தான் இந்த மடல்.

முதலில் எளிய பகுதி. மூட்டை மேல் இருக்கும் மூன்று எண்களும் எடையில் சதவீதம். முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. யூரியா 46-0-0 என்றால் நூறு கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. 50 கிலோ மூட்டை என்றால் 23 கிலோ. இதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் "ஒரு மூட்டை யூரியா போட்டேன், அதில் 46 கிலோ சத்து போயிருக்கிறது" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மூட்டையில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது 46. அதற்குப் பக்கத்தில் சதவீதக் குறிகூட பல மூட்டைகளில் இல்லை. மூட்டையின் எடையோ எங்கோ கீழே, சின்ன எழுத்தில்.

எடை எல்லா இடத்திலும் ஒன்றாகவும் இல்லை. 50 கிலோ, 40 கிலோ, 25 கிலோ என்று பலவகை மூட்டைகள் புழங்குகின்றன. இந்தியாவில் 2018-இல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக மாறியது. சதவீதம் அதே 46. ஆனால் மூட்டைக்குள் இருந்த தழைச்சத்து 23 கிலோவிலிருந்து 20.7 கிலோவாகக் குறைந்தது. மூட்டைக் கணக்கில் உரம் போட்டுப் பழகியவருக்கு, பெரிய எழுத்தில் இருந்த எண் மாறவில்லை என்பதால், சத்து குறைந்தது கண்ணில் படாது. கிலோவும் அதே அளவு எழுத்தில் அச்சாகியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

மனக்கணக்குக்கு ஒரு வழி சொல்லிக் கொடுப்பேன். 50 கிலோ மூட்டை என்றால் எண்ணைப் பாதியாக்குங்கள். 25 கிலோ என்றால் காலாக்குங்கள். 45 கிலோ என்றால் பாதியாக்கி, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்: 46-இல் பாதி 23, அதில் 2.3 போனால் 20.7. இவ்வளவுதான். ஆனால் இந்த வழியை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைவிட, ஒருமுறை கணக்கிட்டு லட்சக்கணக்கான மூட்டைகளில் அச்சிடுவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி ஒரு முழுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 60 கிலோ, சாம்பல் சத்து 40 கிலோ என்று ஒரு பரிந்துரை. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மூட்டையில் உள்ள அதே கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். கையில் கிடைப்பவை 18-46-0 என்ற டிஏபி, 46-0-0 என்ற யூரியா, 0-0-60 என்ற பொட்டாஷ்.

எப்போதும் மணிச்சத்திலிருந்து தொடங்க வேண்டும். ஏனென்றால் மணிச்சத்து தரும் உரம் பெரும்பாலும் தழைச்சத்தையும் சேர்த்தே கொண்டுவரும். டிஏபியில் 46 சதவீதம் மணிச்சத்து. 60-ஐ 0.46-ஆல் வகுத்தால் 130 கிலோ டிஏபி. அந்த 130 கிலோவிலேயே 18 சதவீதம், அதாவது சுமார் 23 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. ஆக யூரியாவிலிருந்து வர வேண்டியது 120 அல்ல, 97 கிலோதான். 97-ஐ 0.46-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 210 கிலோ யூரியா. சாம்பல் சத்துக்கு 40-ஐ 0.60-ஆல் வகுத்தால் 67 கிலோ பொட்டாஷ். 50 கிலோ மூட்டையில் சொன்னால் டிஏபி இரண்டரைக்குச் சற்று மேல், யூரியா நாலேகாலுக்குச் சற்றுக் குறைவு, பொட்டாஷ் ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும். இந்த 210 கிலோ யூரியாவை மொத்தமாகக் கொட்டப்போவதில்லை, அடியுரம், மேலுரம் என்று பிரித்துத்தான் போடுவார்கள். ஆனால் பிரிப்பதற்கு முன் மொத்தம் சரியாக இருக்க வேண்டும்.

டிஏபியில் உள்ள தழைச்சத்தைக் கழிக்க மறந்தால் என்ன ஆகும்? 120 கிலோவும் யூரியாவிலேயே வர வேண்டும் என்று 261 கிலோ வாங்குவார்கள். ஒரு ஹெக்டேருக்கு ஒரு முழு மூட்டை யூரியா கூடுதல். தழைச்சத்து மிஞ்சினால் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று வளரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தண்டு வலுவில்லாமல் சாயும், பூச்சியும் நோயும் எளிதில் வரும். அந்த ஒரு மூட்டை எங்கிருந்து வந்தது என்று பிறகு யாரும் தேட மாட்டார்கள். டிஏபி மூட்டையில் "தழைச்சத்து 9 கிலோ, மணிச்சத்து 23 கிலோ" என்று இருந்தால் அந்த 9 கிலோ கண்ணை விட்டுத் தப்பாது. 18-46-0 என்ற வரிசையில் அது தப்பிவிடுகிறது. டிஏபி என்றாலே மணிச்சத்து உரம் என்றுதான் பலர் மனதில் பதிந்திருக்கிறது.

அதே கணக்கில் இன்னொரு திருப்பம். டிஏபி இல்லை, 20-20-0-13 காம்ப்ளக்ஸ்தான் இருக்கிறது. நடப்பது என்னவென்றால், மூட்டைக்கு மூட்டை மாற்றிவிடுகிறார்கள். இரண்டரை மூட்டை டிஏபிக்குப் பதில் இரண்டரை மூட்டை காம்ப்ளக்ஸ். இரண்டரை மூட்டை டிஏபியில் மணிச்சத்து 57.5 கிலோ. இரண்டரை மூட்டை 20-20-0-13 காம்ப்ளக்ஸில் 25 கிலோ. பாதிகூட இல்லை. மணிச்சத்துக் குறைவு தழைச்சத்துக் குறைவைப் போல உடனே இலை மஞ்சளாகிக் காட்டிக்கொடுக்காது. வேர் சிறுத்து, தூர் குறைந்து, பயிர் பின்தங்கி முதிரும். அதற்குள் அடியுரம் போடும் காலம் முடிந்துவிடும். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது என்பதால் பிற்பாடு மேலே தூவி ஈடுகட்டுவதும் கடினம்.

சரி, சரியாக மாற்றுவது எப்படி? 60 கிலோ மணிச்சத்துக்கு 20 சதவீத உரம் 300 கிலோ வேண்டும், அதாவது ஆறு மூட்டை. அந்த ஆறு மூட்டையில் 60 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகிறது. ஆகவே யூரியா 210 கிலோவிலிருந்து 130 கிலோவாக இறங்க வேண்டும். மணிச்சத்து உரத்தை மட்டும் ஆறு மூட்டையாக ஏற்றிவிட்டு யூரியாவைப் பழையபடி விட்டுவிட்டால் மொத்தத் தழைச்சத்து 157 கிலோவுக்குப் போய்விடும். நான்காவது எண் 13 என்பது கந்தகம், 300 கிலோவில் 39 கிலோ. மண்ணில் கந்தகம் குறைவாக இருந்தால் அது நல்ல லாபம். இல்லையென்றால் அதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

பரிந்துரை எழுதுபவர்களே, இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். "இரண்டரை மூட்டை டிஏபி" என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த உரம் கிடைக்காத நாளில் அந்தச் சீட்டு வழிகாட்டாது, தவறாக நடத்தும். சத்துக் கிலோவை முதலில் எழுதி, மூட்டைக் கணக்கை உதாரணமாகக் கீழே எழுதுங்கள். மூட்டை என்று எழுதும்போதெல்லாம் எத்தனை கிலோ மூட்டை என்பதும் கூடவே இருக்கட்டும். மேலே சொன்ன 4.2 மூட்டை யூரியா 50 கிலோ மூட்டைக்கான கணக்கு. அதே 4.2 மூட்டையை 45 கிலோ மூட்டையில் எடுத்தால் 189 கிலோதான் வரும், தழைச்சத்தில் கிட்டத்தட்ட 10 கிலோ குறைந்துவிடும்.

இனி இரண்டாவது கோரிக்கை. இதுதான் என்னை மிகவும் உறுத்துவது.

டிஏபி மூட்டையில் உள்ள 46 என்பது பாஸ்பரஸ் அல்ல. அது P2O5 என்ற ஆக்சைடின் கணக்கு. பொட்டாஷ் மூட்டையில் உள்ள 60 என்பது பொட்டாசியம் அல்ல, K2O கணக்கு. தழைச்சத்து மட்டும்தான் நேரடியாகத் தனிமமாக, நைட்ரஜனாக, சொல்லப்படுகிறது. இத்தனைக்கும் அந்த மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தால் P2O5-உம் இருக்காது, K2O-உம் இருக்காது. டிஏபி என்பது அம்மோனியம் பாஸ்பேட் உப்பு, பொட்டாஷ் என்பது பொட்டாசியம் குளோரைடு. 19-ஆம் நூற்றாண்டு வேதியியலர்கள் தாவரச் சாம்பலையும் தாதுக்களையும் ஆய்ந்தபோது முடிவுகளை ஆக்சைடுகளாக எழுதுவது வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் உர வணிகத்தில் அப்படியே தங்கிவிட்டது. பயிர் எடுத்துக்கொள்வதும் அந்த ஆக்சைடுகளை அல்ல.

வழக்கம் பழையது என்பதற்காக நான் அதைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் ஒரே கணக்கைப் பின்பற்றினால் எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் எல்லோரும் பின்பற்றுவதில்லை. மண் அறிவியல் ஆய்வுகளிலும், சில ஆய்வக அறிக்கைகளிலும், பயிர் எவ்வளவு சத்தை எடுத்துக்கொள்கிறது என்ற அட்டவணைகளிலும் பாஸ்பரஸ் தனிமமாக, P என்றே இருக்கும். P2O5 எடையில் பாஸ்பரஸின் பங்கு 43.6 சதவீதம்தான். ஆக P கிலோவை P2O5 கிலோவாக மாற்ற 2.29-ஆல் பெருக்க வேண்டும். திருப்பி மாற்ற 0.436-ஆல் பெருக்க வேண்டும். பொட்டாசியத்தில் வேறுபாடு சிறியது: K-யிலிருந்து K2O-வுக்கு 1.2 மடங்கு, திரும்பி வர 0.83.

ஒரு சீட்டில் "மணிச்சத்து 30 கிலோ" என்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் மனதில் இருப்பது P. படிப்பவர் மூட்டையில் பார்ப்பது P2O5. அவர் 30-ஐ 0.46-ஆல் வகுத்து 65 கிலோ டிஏபி வாங்குவார். உண்மையில் வேண்டியது 30 கிலோ P, அதாவது 69 கிலோ P2O5, அதற்கு 150 கிலோ டிஏபி. மூன்று மூட்டை போட வேண்டிய இடத்தில் ஒன்றேகால் மூட்டைக்குச் சற்று மேல்தான் போகிறது. இதையே திருப்பிப் பாருங்கள். 60 கிலோ என்று P2O5 கணக்கில் எழுதியதை ஒருவர் P என்று எடுத்துக்கொண்டு மாற்றினால் 137 கிலோ P2O5 ஆகிவிடும். 130 கிலோ டிஏபி போக வேண்டிய இடத்தில் 300 கிலோ போகும். பணமும் வீண். மிஞ்சிய மணிச்சத்து மண்ணோடு அரிக்கப்பட்டு நீர்நிலையில் சேர்ந்தால் அங்கே பாசி பெருகும். துத்தநாகத்தைப் பயிர் எடுத்துக்கொள்வதற்கும் அது இடைஞ்சல்.

இந்தத் தவறை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு எண்களை ஒப்பிடும்போது ஒன்று மற்றொன்றைவிட 2.3 மடங்கு பெரியதாகவோ சிறியதாகவோ இருந்தால், உடனே இந்தக் குழப்பத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு ஆய்வகங்கள் ஒரே வயலுக்கு 25 என்றும் 57 என்றும் மணிச்சத்துப் பரிந்துரை கொடுத்தால், அவை முரண்படுவதாக நினைக்க வேண்டாம். 25-ஐ 2.29-ஆல் பெருக்கினால் 57. இரண்டும் ஒன்றுதான், கணக்குதான் வேறு.

நாட்டுக்கு நாடு வழக்கம் மாறுவது இதை இன்னும் சிக்கலாக்குகிறது. ஆஸ்திரேலியாவில் மூட்டையில் தனிமக் கணக்கில்தான் அச்சிடுகிறார்கள். பல நாடுகளில் 18-46-0 என்று வரும் அதே டிஏபி அங்கே ஏறத்தாழ 18-20-0 என்று வரும். உரம் மாறவில்லை, எழுதும் முறைதான் மாறியது. தென் ஆப்பிரிக்காவில் 3:2:1 (25) என்று எழுதுவார்கள். முதல் மூன்றும் விகிதம், அடைப்புக்குள் இருப்பது மூன்று சத்துகளின் மொத்தச் சதவீதம். 25-ஐ ஆறு பங்காக்கி மூன்று பங்கு நைட்ரஜனுக்குக் கொடுத்தால் 12.5 சதவீதம், பாஸ்பரஸ் 8.3, பொட்டாசியம் 4.2. இதுவும் தனிமக் கணக்கே. இதைத் தெரியாதவர் 3-2-1 என்ற மிக மெலிந்த உரம் என்று நினைத்துக்கொள்வார். ஐரோப்பாவில் கந்தகத்தை SO3 கணக்கில் எழுதும் வழக்கம் இருக்கிறது. 24 சதவீதக் கந்தகம் உள்ள அம்மோனியம் சல்பேட் அங்கே 60 என்று வரும். இரண்டு நாட்டு இணையப் பக்கங்களைப் படித்து ஒருவர் தன் வயலுக்குக் கணக்கு போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே பாருங்கள். இன்று அப்படிப் படிப்பவர்கள் நிறைய.

எல்லா நாடும் ஒரே முறைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது என் ஆயுளில் நடக்காது. எண்ணுக்குப் பக்கத்தில் P2O5 அல்லது P என்று இருந்தால் போதும். அதுவும் பின்பக்கத்தில் உத்தரவாதப் பட்டியலுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. பெரிய எண் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

கிலோவை அச்சிட்டால் இன்னொரு கேள்வி வரும் என்று நிறுவனங்கள் தயங்கலாம். 50 கிலோ டிஏபி மூட்டையில் 9 கிலோ தழைச்சத்தும் 10 கிலோ பாஸ்பரஸும் என்றால் மிச்சம் 31 கிலோ என்ன, மண்ணா என்று கேட்பார்கள். கேட்கட்டும். அதற்கு நேர்மையான பதில் இருக்கிறது. நைட்ரஜனையோ பாஸ்பரஸையோ தனியாக மூட்டை கட்ட முடியாது. அவை ஆக்சிஜன், ஹைட்ரஜன் போன்றவற்றோடு சேர்ந்த சேர்மங்களாகத்தான் வரும். டிஏபியின் அந்த மிச்சத்தில் பெரும்பங்கு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், கொஞ்சம் மற்ற தாதுக்கள், கொஞ்சம் ஈரம். யூரியாவில் 23 கிலோ போக மீதி 27 கிலோவும் கார்பன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்தான். எவ்வளவு சுத்தமாகத் தயாரித்தாலும் யூரியாவில் நைட்ரஜன் 46.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது, அது அந்த மூலக்கூறின் அமைப்பு. கலப்பு உரங்களில் சில சமயம் சுண்ணாம்புக்கல் தூள் போன்ற நிரப்பி சேர்ப்பது உண்டு. ஆனால் எல்லா மூட்டையிலும் மிச்சம் என்றால் கலப்படம் என்று பரவியிருக்கும் எண்ணம் தவறு.

பொட்டாஷில் இந்த மிச்சம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 50 கிலோ மூட்டையில் பொட்டாசியம் 25 கிலோ, குளோரைடு 22 கிலோவுக்கு மேல். புகையிலை போலக் குளோரைடு ஒத்துக்கொள்ளாத பயிருக்கும், ஏற்கெனவே உப்புள்ள மண்ணுக்கும் அந்த 22 கிலோ ஒரு முக்கியமான தகவல். வெறும் 0-0-60 என்ற அச்சு அதை மறைத்துவிடுகிறது.

சதவீதம் மட்டும் பார்ப்பதால் வரும் இன்னொரு மயக்கம் சின்னப் பொட்டலங்களில் நடக்கிறது. நீரில் கரையும் 19-19-19 உரம் ஒரு கிலோ பொட்டலமாக வரும். எண் பெரியது, அச்சு பளபளக்கும். ஒரு கிலோவில் ஒவ்வொரு சத்தும் 190 கிராம். இலைவழி தெளிப்புக்கோ சொட்டுநீரில் கொடுப்பதற்கோ அது பொருத்தமான உரம்தான். ஆனால் அடியுரத்தைக் குறைத்துவிட்டு இரண்டு பொட்டலம் தெளித்தால் சரியாகிவிடும் என்று நம்புபவர்கள் இருக்கிறார்கள். 20 கிலோ தழைச்சத்தை அந்தப் பொட்டலத்திலிருந்து எடுக்க 105 பொட்டலம் வேண்டும். பொட்டலத்தின் மேல் "தழைச்சத்து 190 கிராம்" என்று அச்சிட்டிருந்தால் இந்த நம்பிக்கை பிறந்தே இருக்காது. எந்த உரம் மலிவு என்று பார்க்கவும் இதே கணக்குதான்: மூட்டை விலையைச் சத்துக் கிலோவால் வகுத்தால்தான் ஒப்பிட முடியும்.

திரவ உரத்தில் சதவீதம் எடைக்கா, கன அளவுக்கா என்பது பல நேரம் தெளிவாக இருப்பதில்லை. யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த 32 சதவீதக் கரைசல் எடைக் கணக்கு. ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.32 கிலோ எடை இருக்கும் என்பதால் லிட்டருக்கு 0.42 கிலோ நைட்ரஜன், 0.32 அல்ல. லிட்டர் கணக்கில் விற்பதற்கு லிட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுதுவதுதான் முறை.

கிலோவை அச்சிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மூட்டையில் இருக்கும் கிலோ வேறு, பயிருக்குக் கிடைக்கும் கிலோ வேறு. யூரியாவை ஈரமண்ணின் மேல் தூவி மூடாமல் விட்டால் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகும். மணிச்சத்தில் இன்னொரு வகை வேறுபாடு உண்டு. டிஏபியில் உள்ள மணிச்சத்தின் பெரும்பகுதி நீரில் கரையும். அரைத்த பாறைப் பாஸ்பேட்டில் மொத்த மணிச்சத்து 30 சதவீதம் என்று இருந்தாலும் நீரில் கரைவது ஏறத்தாழ ஒன்றுமில்லை. அமில மண்ணில் அது மெல்ல மெல்லப் பயன்படும், காரமண்ணில் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். ஆகவே "மணிச்சத்து 15 கிலோ" என்று பாறைப் பாஸ்பேட் மூட்டையில் அச்சிட்டால், அதில் நீரில் கரைவது எவ்வளவு என்ற எண்ணும் பக்கத்தில் வேண்டும். இல்லையென்றால் நான் கேட்கும் கிலோவே ஏமாற்றும் எண்ணாகிவிடும்.

உங்களில் சிலர் சொல்லக்கூடிய பதில்களும் எனக்குத் தெரியும். விதி சதவீதத்தைத்தான் கேட்கிறது என்பீர்கள். சதவீதம் இருக்கட்டும், அதை எடுக்கச் சொல்லவில்லை. உரத்தின் தரத்தைச் சோதிக்க அதுதான் தேவை. சதவீதம் என்பது குறைந்தபட்ச உத்தரவாதம், கிலோ என்று எழுதினால் அது துல்லியமான வாக்குறுதி போல ஆகிவிடும் என்பீர்கள். கிலோவையும் "குறைந்தபட்சம்" என்றே எழுதலாம். நிகர எடையும் சதவீதமும் ஏற்கெனவே நீங்கள் கொடுத்த உத்தரவாதங்கள்தான், அவற்றின் பெருக்கல் புதிய கடமை எதையும் சுமத்தாது. இடமில்லை என்பீர்கள். நிறுவனச் சின்னம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். 50 கிலோ டிஏபி மூட்டையில், 18-46-0 என்ற எண்ணுக்கு நேர் கீழே, அதே உயர எழுத்தில்: "இந்த 50 கிலோ மூட்டையில் குறைந்தபட்சம் தழைச்சத்து (N) 9 கிலோ, மணிச்சத்து (P2O5) 23 கிலோ, அதாவது பாஸ்பரஸ் (P) 10 கிலோ." பொட்டாஷில்: "சாம்பல் சத்து (K2O) 30 கிலோ, அதாவது பொட்டாசியம் (K) 25 கிலோ." யூரியாவுக்கு ஒரே எண் போதும்.

பரிந்துரைச் சீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் N, P2O5, K2O என்றோ, N, P, K என்றோ எது உங்கள் கணக்கோ அது இருக்கட்டும். ஹெக்டேருக்கா ஏக்கருக்கா என்பதும் அதே வரியில் வரட்டும், ஏனென்றால் அங்கே தவறினால் இரண்டரை மடங்கு போய்விடும். மூட்டை அச்சை மாற்ற நாளாகும், புதிய அச்சு வரும் வரை பழைய மூட்டைகள் தீர வேண்டும், விதி திருத்த வேண்டியிருக்கலாம். சீட்டுக்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. நாளை காலை எழுதப்போகும் முதல் சீட்டிலேயே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
விவசாயிகளுக்கு உரக் கணக்கு போட்டுக் கொடுக்கும் ஒருவர்